‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றவருக்கு நிலம் சொந்தமாகுமா?

கேள்வி: “வீரவநல்லூர் பக்கம் எங்கள் தாத்தா 1968-இல் கிரயம் வாங்கிய 84 சென்ட் நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. தாத்தா 1991-இல் உயில் எழுதாமல் இறந்தார். ஆச்சி 1998-இல் இறந்தார். அப்பா 1993-இல் வேலைக்காகத் திருப்பூர் வந்துவிட்டார். அன்று முதல் சித்தப்பாதான் பயிர் செய்கிறார், தீர்வையும் வீட்டு வரியும் கட்டுகிறார். 2011-இல் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கடன் வாங்க வேண்டும் என்று கேட்டதால் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதாக அப்பா சொல்கிறார். 2016 சித்திரையில் கோயில் கொடைக்குப் போனபோது பங்கு கேட்டதற்கு, ‘உனக்கு இங்கே ஒன்றும் கிடையாது’ என்று சித்தப்பா சொல்லிவிட்டார். 12 வருடம் அனுபவித்தால் நிலம் அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? வள்ளியூரில் இருக்கும் அத்தைக்கும் பங்கு உண்டா?”

நீங்கள் எழுதியதில் 1993, 2011, 2016 என்று மூன்று வருடங்கள் இருக்கின்றன. உங்கள் குடும்பத்து வழக்கு முழுவதும் இந்த மூன்றில் எதை முதல் நாளாக வைத்து எண்ணுவது என்பதில்தான் நிற்கிறது. 12 என்ற எண் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையிலும் தெரியும், கோயில் திண்ணையிலும் தெரியும். எந்த நாளிலிருந்து 12 என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. நெல்லைச் சீமையின் சிவில் நீதிமன்றங்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அண்ணன் தம்பி வழக்குகளையே நடத்தி வந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் யாருக்கு எவ்வளவு என்பதை முடித்துவிடலாம், அது சுலபம். தாத்தா சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம், உயில் இல்லை. நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1991-இல் ஆச்சி, உங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. 1998-இல் ஆச்சி இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகிறது. ஆக, இன்றைக்கு ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒன்று, நஞ்சையில் 28 சென்ட். அத்தை எந்த வருடம் கல்யாணம் ஆகிப் போனார், எத்தனை பவுன் போட்டார்கள், சீர் செய்தார்களா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. 1989, 2005 என்று மகள்களின் உரிமை பற்றிப் பேசும் சட்டத் திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கானவை. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு உண்டு. இன்னொன்று, உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். எனவே வழக்குப் போடும் உரிமை அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பேரன் பெயரில் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடி வாங்கியவர்கள் உண்டு.

இனி 12 வருடம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், பாத்தியத்தின் அடிப்படையில் நிலத்தை மீட்க 12 ஆண்டுகள் என்று 65-ஆம் கூறு சொல்கிறது. அந்தக் காலத்துக்குள் சொந்தக்காரர் வழக்குப் போடாவிட்டால் அவருடைய உரிமையே அழிந்துவிடும் என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. இவ்வளவும் ஊரில் சொல்வதைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் எண்ண ஆரம்பிக்க வேண்டியது அவர் உள்ளே வந்த நாளிலிருந்து அன்று. அவருடைய அனுபவம் சொந்தக்காரருக்கு எதிரானதாக, சட்டம் சொல்லும் எதிரிடை அனுபவமாக மாறிய நாளிலிருந்து. வேலி தாண்டி வந்த அந்நியன் விஷயத்தில் இந்த இரண்டு நாளும் ஒன்றாகவே இருக்கும். அண்ணன் தம்பி விஷயத்தில் இரண்டுக்கும் நடுவே முப்பது வருடம்கூட இருக்கலாம், அல்லது இரண்டாவது நாள் வராமலே போகலாம்.

காரணம் எளிது. பிரிக்கப்படாத சொத்தில் ஒவ்வொரு பங்காளியும் ஒவ்வொரு சென்ட்டுக்கும் சொந்தக்காரர். உங்கள் சித்தப்பா வயலில் இறங்கி நாற்று நட்டபோது அவர் தன் நிலத்தில்தான் நட்டார், திருடவில்லை. அதே நேரம் உங்கள் அப்பாவுக்காகவும் அத்தைக்காகவும் சேர்த்தே அவர் அதை வைத்திருந்ததாகச் சட்டம் கருதும். உச்ச நீதிமன்றம் பி. லட்சுமி ரெட்டி வழக்கில் 1956 டிசம்பரிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு வாரிசின் அனுபவம் எல்லா வாரிசுகளின் அனுபவம், தனியாக விளைச்சலை எடுத்துக்கொண்டார் என்பதாலேயே அது எதிரிடை ஆகாது, மற்றவருடைய உரிமையை அவருக்குத் தெரியும்படி மறுத்து, தனக்கு மட்டுமே என்று பிடித்துக்கொண்டால்தான் ஆகும். அந்த மறுப்பைத்தான் வக்கீல்கள் அவுஸ்டர் என்று சொல்வோம். ‘உனக்குப் பங்கு இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் நாள் என்று நீங்கள் புரிந்துகொண்டால் போதும்.

இதை வைத்து 1993-ஐப் பாருங்கள். அன்று அப்பா வேலை தேடிப் போனார், அவரை யாரும் துரத்தவில்லை. சித்தப்பா ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றிருப்பார், அப்பாவும் தலையாட்டியிருப்பார். 1998 வரை ஆச்சியும் அதே வீட்டில் இருந்திருக்கிறார். அந்த ஐந்து வருடம் சித்தப்பா தனியாக அனுபவித்தார் என்றே சொல்ல முடியாது. 1993 முதல் எண்ணி 2005-இல் முடிந்தது என்று அவருடைய வக்கீல் எழுதுவார், எழுதத்தான் செய்வார். அது நிற்காது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தீர்வை ரசீது, வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மக்கள் இவற்றை நகையைப் போலப் பாதுகாக்கிறார்கள். நான் எதிர்த்தரப்பில் இருந்த ஒரு வழக்கில், தம்பி ஒருவர் தகரப் பெட்டியோடு நீதிமன்றத்துக்கு வந்தார். முப்பத்தொரு தீர்வை ரசீதுகள், வருட வாரியாக, நூல் கட்டி வைத்திருந்தார். முதல் இருபது ரசீதுகளிலும் பட்டாதாரர் பெயர் இறந்துபோன தகப்பனார் பெயர். நிலம் அனுபவத்தில் இருக்கிறது என்பதை அவை காட்டும், தகப்பனார் பெயரால் இருக்கிறது என்பதையும் அவையே காட்டும். குறுக்கு விசாரணையில் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டேன்: “எந்த வருடத்திலிருந்து இது உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று இருந்தீர்கள்?” அவர் நல்ல மனிதர், பொய் பழகாதவர். சற்று நேரம் கூண்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அப்படி ஒரு வருடம் என்று எப்படிச் சொல்வது? அப்பா நிலம். அண்ணன் வெளியூரில் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற ஒரு சொல் அந்தப் பெட்டி முழுவதையும் காலியாக்கிவிட்டது.

என்ன நிரூபிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2004-இல் கர்நாடக வக்பு வாரிய வழக்கில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. எந்தத் தேதியில் அனுபவத்துக்கு வந்தார், எந்த வகையான அனுபவம், அது மறுதரப்புக்குத் தெரியுமா, எவ்வளவு காலம் தொடர்ந்தது, வெளிப்படையாகவும் இடையூறின்றியும் இருந்ததா. இந்த ஐந்தையும் காட்ட வேண்டியவர் உரிமை கோருகிறவர், அதாவது உங்கள் சித்தப்பா. தேதி சொல்ல முடியாதவருக்கு எதிரிடை அனுபவம் இல்லை. அதே தீர்ப்பு இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. ‘நிலம் என்னுடையதே’ என்பதும் ‘அண்ணனுடையதாக இருந்தது, எதிரிடை அனுபவத்தால் எனக்கு வந்தது’ என்பதும் ஒன்றோடொன்று சேராது. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் அண்ணனுக்குப் பாத்தியம் இருந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துப் பதிலுரைகளில் வாய்மொழிப் பாகப்பிரிவினை, பங்குகளைக் குறித்துவைத்த கூர்ச்சீட்டு, எதிரிடை அனுபவம் மூன்றையும் ஒரே பத்தியில் அள்ளிப் போடுவது வழக்கமாகிவிட்டது. மூன்று வலை வீசினால் ஒன்றிலாவது மீன் சிக்கும் என்ற கணக்கு. நடப்பில் ஒரு வலை இன்னொன்றை அறுத்துவிடும்.

சித்தப்பாவுக்குப் பலமான ஆண்டு 2011. உங்கள் கேள்வியைப் படித்தபோது நான் நின்ற இடம் அதுதான். 2011-இல் தொடங்கினால் 2023-இல் 12 ஆண்டுகள் முடிந்துவிட்டன.

பட்டா மாற்றம் மட்டும் என்றால் கவலைப்பட மாட்டேன். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. தீர்வையை யாரிடம் வசூலிப்பது என்பதற்கான பதிவு. அதனால் பாத்தியம் உண்டாவதும் இல்லை, போவதும் இல்லை என்று நீதிமன்றங்கள் சலிக்கும் அளவுக்குச் சொல்லிவிட்டன. யு.டி.ஆர். என்று 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டின்போது, வீட்டில் இருந்த ஒரு தம்பியின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனதால் வந்த வழக்குகளை நான் எண்ணிக்கூடப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அறிவிப்பு வராமல் சித்தப்பா தானாகவே 2011-இல் பட்டாவை மாற்றியிருந்தால், அது அப்பாவுக்குத் தெரியாமல் நடந்தது. தெரியாத மறுப்பு மறுப்பே ஆகாது.

உங்கள் அப்பாவோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? இந்த வழக்கின் பாதி அந்தத் தாளில் இருக்கிறது. ‘கடன் பெறும் வசதிக்காகப் பட்டாவைத் தம்பி பெயருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்றிருந்தால் நல்லது. அது தம்பிக்குக் கொடுத்த வசதி. அனுமதியோடு நடந்ததை எதிரிடை என்று சொல்ல முடியாது. ‘மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை, தம்பியே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று பத்திர எழுத்தர் பாணியில் எழுதியிருந்தால் விஷயம் வேறு.

அப்படி எழுதியிருந்தாலும் அந்தத் தாளால் அப்பாவின் பங்கு சித்தப்பாவுக்குப் போய்விடாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த தாள் பதிவுப் பத்திரம் ஆகாது. பலர் இந்த இடத்தில் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பழைய தீர்ப்பு ஒன்று குறுக்கே நிற்கிறது. சென்னை மாகாணத்திலிருந்து, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1919-இல் முடிந்த வரதப் பிள்ளை – ஜீவரத்தினம்மாள் வழக்கு அது. குடும்பத்துப் பெண் ஒருவருக்கு நிலத்தைத் தானமாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, சொந்தக்காரர்களான உறவுப் பெண்கள் 1895-இல் வருவாய் அதிகாரிக்கு மனு கொடுத்தார்கள். பதிவேட்டில் பெயரும் மாறியது. பதிவு செய்த பத்திரம் கிடையாது. எனவே அந்த மனுக்களைக் கொண்டு தானத்தை நிரூபிக்க முடியாது என்று பிரிவி கவுன்சில் சொன்னது. ஆனால் பெயர் மாறிய பிறகு அந்தப் பெண் எந்தத் தன்மையில் நிலத்தை வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ள அந்த மனுக்களைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. பார்த்தபோது, எல்லோருக்கும் தெரிய, தனக்கே சொந்தம் என்று 12 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தது தெரிந்தது. செல்லாத தானம், எதிரிடை அனுபவத்தால் செல்லுபடியான உரிமையாக மாறியது. நூறு வருடம் கடந்தும் இந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் சித்தப்பாவின் வக்கீல் விவரம் தெரிந்தவராக இருந்தால் இதைத்தான் கையில் எடுப்பார்.

ஆகவே முதல் வேலையாக, திருப்பூரிலிருந்து கிளம்பி வந்து, 2011 பட்டா மாற்ற உத்தரவின் கோப்பை முழுவதுமாக நகல் கேளுங்கள். உத்தரவின் எண்ணும் தேதியும் தெரிந்தால் சான்றிட்ட நகல் மனு போதும். தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உத்தரவு மட்டும் போதாது. சித்தப்பா கொடுத்த மனு, அதோடு வைத்த வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, அப்பாவின் கையெழுத்துள்ள தாள், மற்றவர்களுக்கு அனுப்பிய அறிவிப்பு எல்லாம் வேண்டும். இடையில் வட்டம் பிரிந்திருந்தால் பழைய கோப்பு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்பதைத் தேடவே சில வாரங்கள் ஆகும். மனுவில் சித்தப்பா என்ன சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனமாகப் படியுங்கள். வாரிசுகள் மூவர் என்று காட்டி, மற்ற இருவர் சம்மதத்தோடு என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் சாய்கிறது. தானே ஒரே வாரிசு என்று எழுதியிருந்தால், அது பொய் என்பதற்கான ஆதாரமும் உங்கள் கையில், மறைத்துச் செய்தார் என்பதற்கான ஆதாரமும் உங்கள் கையில்.

2011-க்குப் பிறகும் பங்கை ஒப்புக்கொண்ட அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பிசான அறுவடை முடிந்ததும் சித்தப்பா திருப்பூருக்கு அரிசி மூட்டை அனுப்பியதுண்டா? பஸ்ஸில் பார்சல் போட்ட ரசீது, குத்தகைப் பணம் என்று வங்கியில் போட்ட 5,000 ரூபாய், ‘அண்ணன் பங்கு’ என்று எழுதிய கடிதம், எதுவானாலும் சரி. பங்கு நெல் கொடுக்கிறவர் பங்கை மறுக்கவில்லை என்று பொருள். இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அத்தைக்கு வருடா வருடம் போகும் பொங்கல்படியைப் பங்கு என்று நாம் காட்டினால், ‘உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீர்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதை நீதிபதி ஏற்கவும் கூடும். அண்ணனுக்குப் போன மூட்டையைச் சீர் என்று சொல்வது கடினம்.

அந்தத் தாள் நமக்கு மோசமாக இல்லை என்று வைத்துக்கொண்டால், மீதி இருப்பது 2016. கொடைக்குக் கூடிய சொந்தங்கள் முன்னால் ‘ஒன்றும் கிடையாது’ என்று சொன்னது மறுப்புதான். வாய்ச்சொல் என்பதால் அது எண்ணிக்கையில் வராது என்று உங்களுக்கு யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை அவுஸ்டர் ஆகுமா என்பதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து அவர் வெல்வது கடினம். ஆனாலும் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அந்த நாளையே முதல் நாள் என்று எழுதிவைத்துக்கொள்வேன். 2016 சித்திரையோடு 12 ஆண்டுகளைக் கூட்டினால் 2028 சித்திரை. அதற்குள் வழக்கு நீதிமன்றத்தில் எண்ணாகியிருக்க வேண்டும். அது மே மாத விடுமுறைக்கு அருகில் வரும் காலம். கடைசி வாரத்துக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ண ஆரம்பித்த கடிகாரத்தை எது நிறுத்தும் என்பதில் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வக்கீல் நோட்டீஸ் நிறுத்தாது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியது நிறுத்தாது. காவல் நிலையத்தில் கொடுத்த மனு, வருவாய்க் கோட்டாட்சியரிடம் போட்ட பட்டா மேல்முறையீடு, எதுவும் நிறுத்தாது. சிவில் நீதிமன்றத்தில் தாக்கலாகும் வழக்கு மட்டுமே நிறுத்தும். ஒரு விதிவிலக்கு உண்டு: 12 ஆண்டுகள் முடிவதற்குள் உங்கள் அப்பாவின் பங்கை ஒப்புக்கொண்டு சித்தப்பா எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ‘அடுத்த கொடைக்குள் பேசி முடித்துவிடலாம்’ என்று சமாதானம் சொல்லி வருடங்களைக் கரைப்பவர்களிடம் கேட்க வேண்டியது இந்தக் கையெழுத்தைத்தான். தர மனமில்லாதவர் பேச்சுக்கும் மனமில்லாதவர்தான்.

அத்தையின் கடிகாரம் தனி. ஒருவருக்குச் சொன்ன மறுப்பு இன்னொருவருக்குச் சொன்னதாகாது. 2011-இல் அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, 2016-இல் கொடைக்கும் வரவில்லை என்றால், அவருக்கு எதிராக எண்ணிக்கை இன்னும் தொடங்கவே இல்லை என்று வாதிடலாம். உங்கள் அப்பா தோற்று அத்தை ஜெயிக்கும் விசித்திரமும் நடக்கக் கூடியதே. எப்படியானாலும் வழக்கில் அத்தை வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்தே ஆக வேண்டும். பங்குதாரர் ஒருவரை விட்டுவிட்டுப் போட்ட பாக வழக்கு அந்தக் குறையாலேயே விழும்.

வழக்கு பாகப்பிரிவினை வழக்குதான்; நில மீட்பு வழக்கு என்று எழுதிவிடாதீர்கள். மனுவில் எழுதும் ஒரு வாக்கியத்தில் கவனம் வேண்டும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் இரண்டு வழிகள் உண்டு. கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் குறைந்த, நிலையான கட்டணம். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டதாகச் சொன்னால் பங்கின் மதிப்புக்கு ஏற்ற கட்டணம். கூட்டாளி வெளியூரில் இருந்தாலும் சட்டப்படி கூட்டு அனுபவத்தில் இருப்பவரே என்பதால் முதல் வழிதான் வழக்கம். ஆத்திரத்தில், ‘1993 முதல் எங்களை அண்டவே விடவில்லை’ என்று யாராவது எழுதிவிட்டால், கட்டணம் ஏறுவதோடு நிற்காது. சித்தப்பா தேடிக்கொண்டிருக்கும் தேதியை நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. நடக்காததை ஆத்திரத்தில் எழுதாதீர்கள் என்கிறேன்.

இதுவரை சித்தப்பா தற்காப்பாக மட்டுமே பேசுவார் என்பது போல எழுதிவிட்டேன். 2019-இல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, எதிரிடை அனுபவத்தால் நிலம் தனதாகிவிட்டது என்று அவரே வாதியாக வழக்குப் போடவும் முடியும். முந்திக்கொண்டு தடையுத்தரவும் கேட்கலாம். அப்படி ஒரு சம்மன் திருப்பூருக்கு வந்தால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று மடித்து வைக்காதீர்கள். ஒருதலைப்பட்சமான தீர்ப்பை ரத்து செய்வது வழக்கை நடத்துவதைவிடச் செலவு.

ஒரு நிபந்தனை. இவ்வளவும் 1968 கிரயம் தாத்தாவின் சொந்தப் பணத்தில் என்ற அடிப்படையில் சொன்னது. அவர் தன் தகப்பனார் வழி வந்த நிலத்தை விற்று இதை வாங்கியிருந்தால், இது கூட்டுக் குடும்பச் சொத்து என்ற வாதம் வரும். பங்குகளின் கணக்கு மாறும், உங்களுக்கே பிறப்புரிமை உண்டா என்ற கேள்வியும் எழும். அப்போதும் 12 ஆண்டுகள்தான், ஆனால் 110-ஆம் கூறுப்படி, விலக்கப்பட்டது தெரிய வந்த நாளிலிருந்து. மூலப் பத்திரத்தையும் 1968 முதலான வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் எந்த வக்கீலும் இதில் உறுதி சொல்ல முடியாது.

சித்தப்பாவின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவருக்கு ஒன்றுமே இல்லை என்பது உண்மையல்ல. ஆச்சியைக் கடைசி வரை பார்த்தவர் அவர். ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டிருந்தாலோ, கிணற்றை வெட்டி மோட்டார் வைத்திருந்தாலோ, அந்தச் செலவு காற்றில் போகாது. முதல்நிலைத் தீர்ப்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று முடிவாகும். அதன் பிறகு ஆணையர் வந்து அளந்து, எந்தத் துண்டு யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பில் வரும். அந்தக் கட்டத்தில், தான் கட்டிய பகுதியைத் தன் பங்கில் ஒதுக்கும்படி அவர் கேட்கலாம். முடிந்தவரை நீதிமன்றங்கள் அப்படியே செய்கின்றன. மறுபக்கம், விலக்கிய நாளுக்குப் பிந்தைய விளைச்சலில் பங்குக் கணக்கை உங்கள் அப்பா கேட்கலாம். இந்த இரண்டும் எதிரெதிரே நிற்கும்போதுதான் பெரும்பாலான குடும்பங்கள் பேச உட்காருகின்றன. வீடு முழுவதும் சித்தப்பாவுக்கு, வயலில் 28 சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாக அப்பாவுக்கும் அத்தைக்கும் என்று முடித்து, மூவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்ட வழக்குகளே என் அலமாரியில் அதிகம். ஆனால் அந்தப் பேச்சுக்கு உட்காருவதற்கு முன் 2011 கோப்பின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அப்பா எதில் கையெழுத்துப் போட்டார் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும், இப்போதைக்கு உங்களுக்குத் தெரியாது.